அழிச்சாச்சு, ஆனா பூட்டு திறபடேல்லை

போன மாதம் என்ர ரூம்மேற்றோட ஒரு போன் கடைக்குப் போனனான். அவள் ஆறு நாளைக்கு முதல் அதே கடையில் 64,000 ரூபாவுக்கு ஒரு பாவிச்ச அண்ட்ரொய்ட் போன் வாங்கியிருந்தாள். ‘பழுது இருந்தா ஏழு நாளுக்குள்ள கொண்டு வந்தா காசு திருப்பித் தரப்படும்’ என்று பில்லின் பின்பக்கத்தில் சீல் குத்தியிருந்தது. நாலாம் நாளே ஸ்க்ரீனின் கீழ்க் கால்வாசி தொடுகைக்கு வேலை செய்யவில்லை. படமெல்லாம் வடிவாத் தெரியும், ஆனால் கீபோர்ட் வருகிற இடம் செத்த இடம். ஒரு மெசேஜ் ரைப் பண்ண ஏலாது.

கடைக்கார அண்ணை போனை வாங்கி ஓன் பண்ணினார். மொழி கேட்டது, வைஃபை கேட்டது, அடுத்ததாக இது வந்தது: "This device was reset. To continue, sign in with a Google Account that was previously synced on this device." அவர் அதைப் பார்த்துவிட்டு போனை மேசையில் எங்கள் பக்கம் தள்ளினார். "தங்கச்சி, இது லொக்கில கிடக்கு. லொக்கான போனை நாங்கள் திருப்பி எடுக்கிறேல்லை."

"நான் எல்லாத்தையும் அழிச்சுப்போட்டுத் தானே அண்ணா கொண்டு வந்தனான்" என்று அவள் சொன்னாள். அவள் சொன்னதும் உண்மை, அவர் சொன்னதும் உண்மை. எனக்கு அந்த இடத்தில் இது விளங்கவில்லை. காசு தராமல் இருக்க ஏதோ கதை விடுகிறார் என்றுதான் நினைத்தேன். வெளியே வந்து அவரைத் திட்டினதிலும் எனக்குப் பெரிய பங்கு உண்டு. இப்போது அதில் பாதியை மட்டும் திரும்பப் பெறுகிறேன். மீதிப் பாதி பிறகு வரும்.

போனை அழிப்பது ஒரு வேலை, போனை உங்களிடமிருந்து விடுவிப்பது வேறு வேலை. அழித்தால் படம், மெசேஜ், அப் எல்லாம் போகும். ஆனால் ‘இந்தப் போன் இந்த அக்கவுண்டுக்குச் சொந்தம்’ என்ற குறிப்பு அழிபடாத ஒரு தனி இடத்தில் இருக்கும். வேண்டுமென்றே அப்படிச் செய்திருக்கிறார்கள். போன் களவு போனால் கள்ளன் முதல் செய்வது அழிப்பதுதானே. அழித்ததோடு புதுப் போன் மாதிரி ஆகிவிட்டால் களவுக்கு லாபம். அதனால் அண்ட்ரொய்டில் 5.1 பதிப்பிலிருந்து, அதாவது 2015 இலிருந்து, Factory Reset Protection என்ற பூட்டு இருக்கிறது. கடைப் பெடியள் சுருக்கமாக ‘எஃப்ஆர்பி’ என்பார்கள். ஐபோனில் Activation Lock, 2013 இல் ஐஓஎஸ் 7 உடன் வந்தது.

இந்தப் பூட்டு எப்போது விழும், எப்போது விழாது என்பதில்தான் என் ரூம்மேற் மாட்டினாள். அண்ட்ரொய்ட் போனை அழிக்க இரண்டு வழி உண்டு. ஒன்று, போனைத் திறந்து செற்றிங்ஸுக்குள் போய் "Erase all data (factory reset)" கொடுப்பது. போன் உங்கள் பின் இலக்கத்தைக் கேட்கும். நீங்கள் அதைக் கொடுத்தால், உரிமையாளரே விரும்பித்தான் அழிக்கிறார் என்று எடுத்துக்கொண்டு பூட்டையும் கழற்றிவிடும். மற்றது, போனை ஓஃப் பண்ணி பவர் பட்டனையும் வொலியூம் பட்டனையும் சேர்த்து அமத்தி, கறுப்பு ஸ்க்ரீனில் வருகிற "Wipe data/factory reset" ஐத் தெரிவது. அங்கே பின் கேட்காது, பாஸ்வேர்ட் கேட்காது. யார் கையில் போன் இருந்தாலும் செய்யலாம். அதனாலேயே அந்த வழியால் அழிபட்ட போனை அது களவு போன போன் மாதிரித்தான் நடத்தும். அழிந்து முடிந்து திரும்ப எழும்பும்போது பழைய ஆளைக் கேட்கும்.

என் ரூம்மேற் முதல் வழியால்தான் போகப் பார்த்தாள். விரல் ரேகையால் போன் திறந்தது, செற்றிங்ஸ் திறந்தது, அழிக்கக் கொடுத்தால் பின் கேட்டது. இலக்கங்கள் இருந்தது செத்த இடத்தில். யூடியூப்பில் தேடினாள். ‘ரச் வேலை செய்யாவிட்டாலும் ரீசெற் பண்ணலாம்’ என்று பட்டன் வழியைக் காட்டும் வீடியோக்கள் எத்தனையோ இருக்கு. நாங்கள் பார்த்ததில் ஒன்றும் ‘முதல் அக்கவுண்டைக் கழற்றுங்கோ’ என்று சொல்லவில்லை. பட்டனை அமத்தினாள், அழிந்தது, நிம்மதியாக நித்திரை கொண்டாள்.

கடையிலிருந்து வந்த பின்னேரம் இன்னொரு பிழை விட்டோம். அவளுக்குக் கூகிள் பாஸ்வேர்ட் ஞாபகமில்லை. (எங்களில் எத்தனை பேருக்கு ஞாபகம்? போன் வாங்கிய அன்று அடித்ததோடு சரி.) என்ர லப்டொப்பில் பாஸ்வேர்டை மாற்றினோம். புதுசைப் போனில் கொடுத்தால் போன் ஏற்கவில்லை. பாஸ்வேர்ட் மாற்றினால் 24 மணித்தியாலம் பொறுத்துத்தான் போனை ரீசெற் பண்ணச் சொல்லி கூகிளே தன் உதவிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறது. களவெடுத்தவன் பாஸ்வேர்டை மாற்றிப்போட்டு உள்ளே வராமலிருக்கத்தான் இந்தத் தாமதம். சாதாரண நாளில் 24 மணித்தியாலம் ஒன்றுமில்லை. ஏழு நாள் கெடுவில் ஆறாம் நாள் இரவு அது கெடுவையே தின்றுவிடும்.

எங்களைக் காப்பாற்றியது பக்கத்து ரூம் அக்காவின் மவுஸ். போனின் சார்ஜர் துவாரத்தில் செருகுகிற சின்ன ஓடிஜி துண்டு ஒன்று, அதில் சாதாரண யூஎஸ்பி மவுஸ். செருகினவுடன் ஸ்க்ரீனில் அம்புக்குறி வந்தது. மவுஸுக்கு ரச் வேண்டாம், செத்த இடத்திலும் கிளிக் பண்ணலாம். அவளின் போனில் கூகிள் அக்கவுண்டுக்குப் பதிலாகப் பழைய பின்னைக் கொடுக்கவும் ஒரு தெரிவு இருந்தது. எல்லாப் போனிலும் இராது, ஆனால் பார்க்க வேண்டிய இடம் அது. பின்னை மவுஸால் ஒவ்வொரு இலக்கமாக அமத்தினாள். உள்ளே விட்டது. புது அக்கவுண்ட் ஒன்றும் சேர்க்காமல் தாண்டிப் போய், செற்றிங்ஸில் Accounts ஐத் திறந்து ஒன்றுமில்லை என்று பார்த்து, இந்த முறை செற்றிங்ஸ் வழியாலேயே திரும்ப அழித்தோம். எழும்பினதும் சிம் இல்லாமல், வைஃபை மட்டும் கொடுத்து, ஒவ்வொரு பக்கமாகத் தாண்டினோம். பழைய அக்கவுண்டைக் கேட்காமல் முகப்புப் பக்கம் வந்தது. பூட்டுக் கழன்றதை உறுதிப்படுத்த வேறு நல்ல வழி எனக்குத் தெரியாது. அழித்த கையோடு ஓஃப் பண்ணிப் பெட்டிக்குள் வைக்காமல், கடைக்காரர் செய்யப்போகிறதை வீட்டிலேயே ஒருக்கால் செய்து பார்ப்பதுதான்.

இந்த மவுஸ் நாலாம் நாளே கையில் இருந்திருந்தால் முழு வேலையும் பத்து நிமிடம். ரச் பழுதான போனைத் திருப்பிக் கொடுக்கப் போகிறவர்கள் பட்டனைத் தொட முதல் மவுஸைத் தேடுங்கள். படமே வராத, முழுக்கக் கறுத்த ஸ்க்ரீன் என்றால் மவுஸாலும் பெரிதாகப் பயனில்லை. அந்த நேரம் ஒன்றையும் அழிக்காமல் அப்படியே கடைக்குக் கொண்டுபோய் நிலைமையைச் சொல்வது நல்லது. கூகிளின் Find Hub மூலம் தூரத்திலிருந்து அழிக்கலாம்தான், ஆனால் அப்படி அழித்தாலும் பூட்டு அப்படியே இருக்கும். திரும்பப் பாவிக்க அக்கவுண்ட் கேட்கும்.

அழிக்கிறதுக்கு முதல் செய்ய வேண்டிய இன்னொரு வேலையையும் நாங்கள் தவற விட்டோம். பழுதை வீடியோ எடுக்கவில்லை. ரச் பழுது அழித்தாலும் தெரியும், பரவாயில்லை. ஆனால் போன் இறுகி நிற்பது, தானாக ஓஃப் ஆவது, சிக்னல் விழுவது மாதிரியானவை அழித்த பிறகு கொஞ்ச நேரம் வராமலே இருக்கலாம். கடை மேசையில் போன் நல்ல பிள்ளையாக நிற்கும். வேறு ஒரு போனால் பழுதை எடுத்து, அதே வீடியோவில் *#06# அடித்து வருகிற ஐஎம்இஐ இலக்கத்தையும், அதோடு பில்லையும் காட்டினால், எந்தப் போனில் எந்தப் பழுது என்று பிறகு வாக்குவாதம் வராது. சிம்மைக் கழற்றி மற்றப் போனில் போடுவதும் முதலே செய்ய வேண்டியது. கூகிள் உறுதிப்படுத்தும் இலக்கத்தை அந்தச் சிம்முக்குத்தான் அனுப்பும், அது பூட்டுப்பட்ட போனுக்குள் கிடந்தால் வாசிக்க ஏலாது.

இனி அந்த மற்றப் பாதி. லொக்கான போனைக் கடை எடுக்காமல் விட்டது நியாயம். அவருக்கு அது செங்கல். விற்கவும் ஏலாது, தனக்கு விற்றவரிடம் திருப்பிக் கொடுக்கவும் ஏலாது. நாளைக்குக் களவு போன் என்று ஆராவது வந்தால் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். எனக்குக் கோபம் அதில் இல்லை. ஆறாம் நாள் நாங்கள் போனோம். பழுதை அவர் கண்ணால் பார்த்தார். ‘பழுது உண்மை, லொக்கைக் கழற்றிக்கொண்டு வாங்கோ’ என்று பில்லில் ஒரு வரி எழுதித் திகதி போட்டுத் தந்திருந்தால் போதும். அவர் எழுதவில்லை, கேட்க வேண்டும் என்று எங்களுக்கும் தெரியவில்லை. ஏழாம் நாள் ஞாயிற்றுக்கிழமை, கடை பூட்டு. எட்டாம் நாள் விடுபட்ட போனோடு போனால், "நாள் முடிஞ்சுது தங்கச்சி" என்றார். நாங்கள் ஆறாம் நாள் வந்ததுக்கு எங்கள் வாயைத் தவிர சாட்சி இல்லை.

லொக் என்பது திருத்தக்கூடிய குறை. அதைக் காட்டி ஒருவரைத் திருப்பி அனுப்பினால், கெடு அந்த நாளோடு நிற்க வேண்டும் என்பதுதான் என்ர கருத்து. பழுதான பொருளைக் கெடுவுக்குள் கொண்டு வந்தவர் தன் பக்க வேலையைச் செய்துவிட்டார். சில கடைகள் லொக்கைச் சொல்லி நாளைக் கடத்துகின்றன என்று பச்மேற்ஸ் சொல்லக் கேட்டிருக்கிறேன், எங்கள் அண்ணை அப்படிப்பட்டவரா என்று இன்றைக்கும் எனக்கு முடிவில்லை. எது எப்படியோ, மேசையில் நிற்கும்போதே பில்லில் எழுதிக் கேளுங்கள். எழுத மறுத்தால், போனை வாங்கிப் பார்த்த திகதியையும் அவர் சொன்ன காரணத்தையும் அந்த இடத்திலேயே கடையின் இலக்கத்துக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி விடுங்கள். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்த பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 இல் அழைத்து முறைப்பாடு சொல்லலாம். ஆனால் அங்கேயும் கையில் பில்லும் திகதியும் இருக்கிறவரின் கதைதான் நிற்கும்.

இதைவிட எனக்குக் கோபம் வந்த இடம் ஒன்று உண்டு. எட்டாம் நாள் நாங்கள் நிற்கும்போதே இன்னொரு பிள்ளை ஒரு போனைத் திருப்பிக் கொடுக்க வந்தாள். கடைப் பெடியன் ஒரு துண்டை நீட்டி, "பின்னையும் ஜிமெயில் பாஸ்வேர்டையும் எழுதித் தாங்கோ, நாங்கள் கழற்றுறம்" என்றான். அவளும் குனிந்து எழுதினாள், போனில் படமெல்லாம் அப்படியே இருக்க. அந்தப் பாஸ்வேர்ட் போனுக்கு மட்டும் உரியது இல்லை. மெயில், கூகிள் போட்டோஸில் ஐந்து வருடப் படம், மற்ற எல்லா அக்கவுண்டையும் மீட்கிற வழி எல்லாம் அதற்குள்தான். உதவி செய்கிறேன் என்று கேட்டாலும் பாஸ்வேர்டைத் துண்டில் கேட்பது பிழை. நீங்களே மேசையில் நின்று கழற்றலாம், இரண்டு நிமிட வேலை. அவளிடம் மெல்லச் சொன்னேன். துண்டைத் திரும்ப வாங்கினாள், பெடியன் முகம் சுளித்தான்.

‘அழித்த படத்தைக் கடைக்காரர் சொஃப்ட்வெயர் போட்டு எடுப்பாங்கள்’ என்று பயந்து போனைத் திருப்பிக் கொடுக்காமலே விட்டவர்களையும் தெரியும். இப்போது வருகிற போன்களில் உள்ளே இருப்பதெல்லாம் மறைகுறியாக்கப்பட்டுத்தான் சேமிக்கப்படுகிறது. முழு ரீசெற் கொடுக்கும்போது அதைத் திறக்கிற சாவியே அழிகிறது, மிச்சம் இருப்பது ஒருவருக்கும் வாசிக்க ஏலாத குப்பை. மெமரி கார்ட் மட்டும் வேறு கதை. அதைக் கழற்றி எடுத்துவிடுங்கள்.

ஐபோன் என்றால் எங்கள் ஆக்களுக்கென்றே ஒரு சிக்கல் இருக்கு. கனடாவில் இருந்து சித்தப்பா வரும்போது கொண்டு வருவார், அல்லது அனுப்பிவிடுவார், அவரின் அப்பிள் அக்கவுண்ட் உள்ளேயே இருக்கும். ஒரு வருடம் அப்படியே பாவிப்போம். பிறகு கடையில் கொடுத்து மாற்றப் போனால், அழிக்க அவரின் பாஸ்வேர்டைக் கேட்கும். அதற்காக அவரிடம் பாஸ்வேர்ட் கேட்டு வட்ஸ்அப் கோல் எடுக்கத் தேவையில்லை. அண்ட்ரொய்ட் போல இல்லாமல், ஐபோன் பூட்டைத் தூரத்திலிருந்தும் கழற்றலாம். அவர் அங்கே இருந்துகொண்டே icloud.com/find இல் நுழைந்து, அந்தப் போனைத் தெரிந்து முதலில் "Erase This Device", அது முடிந்த பிறகு "Remove This Device" கொடுக்க வேண்டும். முதலாவதை மட்டும் செய்துவிட்டு ‘அழிச்சிட்டன் பிள்ளை’ என்பார்கள். பூட்டைக் கழற்றுவது இரண்டாவது. கழன்றதா என்று பார்க்க, "Hello" பக்கத்திலிருந்து வைஃபை வரைக்கும் போய்ப் பாருங்கள். "iPhone Locked to Owner" என்று வந்தால் இன்னும் அவருடையதுதான்.

உங்கள் சொந்த அக்கவுண்ட் என்றால் Settings > General > Transfer or Reset iPhone > Erase All Content and Settings. பாஸ்வேர்ட் கேட்டு, பூட்டையும் சேர்த்தே கழற்றும். ஆனால் இதை வீட்டில் வைத்துச் செய்யுங்கள். Stolen Device Protection ஓன் பண்ணியிருந்தால், பழக்கமில்லாத இடத்தில் அக்கவுண்டிலிருந்து வெளியேறப் போனால் ஒரு மணித்தியாலம் காத்திருக்கச் சொல்லும். கடை மேசைதான் அந்தப் பழக்கமில்லாத இடம்.

லப்டொப்பில் இந்தளவு தலையிடி இல்லை. விண்டோஸில் Settings > System > Recovery க்குப் போய் ரீசெற் கொடுத்து "Remove everything" ஐத் தெரிந்தால் அனேகமாகப் போதும். பழைய ஹார்ட் டிஸ்க் உள்ள மெஷின் என்றால், அங்கேயே "Change settings" க்குள் "Clean data" வையும் ஓன் பண்ணுங்கள். சில மணித்தியாலம் எடுக்கும், சார்ஜரைச் செருகி விட்டுவிட்டுப் போகலாம். அங்கே மாட்டுவது பயோஸ் பாஸ்வேர்ட். ரூமில் மற்றவர்கள் தொடாமலிருக்க ஆராவது போட்டு வைத்திருப்பீர்கள். விண்டோஸை எத்தனை முறை அழித்தாலும் அது போகாது, ஏனென்றால் அது டிஸ்க்கில் இல்லை, மதர்போர்டில் இருக்கிறது. பயோஸுக்குள் போய்ப் பழைய பாஸ்வேர்டைக் கொடுத்து, புதுசு கேட்கும் இடத்தை வெறுமையாக விட்டு சேவ் பண்ணினால் கழன்றுவிடும். மக்புக்கில் ஐபோன் மாதிரியே பூட்டு உண்டு. புது மொடல்களில் அதே Erase All Content and Settings இருக்கிறது.

எங்கள் கதை எட்டாம் நாள் ஒரு மணித்தியாலம் இழுபட்டது. கடைசியில் காசு இல்லை, பதிலாக வேறு போன் தரலாம் என்றார். 64,000 க்குப் பக்கத்தில் அவரிடம் இருந்தது 58,000 ரூபாப் போன் ஒன்று. மிச்சம் ஆறாயிரத்தைக் கவர், சார்ஜர் என்று பொருளாகத்தான் தந்தார். ரூம்மேற் புதுப் பில்லை வாங்கின உடனே திருப்பிப் பார்த்தாள். அதே ஏழு நாள் சீல். ‘அக்கவுண்டைக் கழற்றிக் கொண்டு வரவும்’ என்று அதுக்குக் கீழே ஒரு வரி சேர்த்துக் குத்தினால் என்ன அண்ணா என்று கேட்டாள். "சீல் வெட்டக் குடுக்க வேணும் தங்கச்சி, பாப்பம்" என்றார். அவள் பேனையை எடுத்து தன்ர பில்லில் தானே எழுதி, கையெழுத்துப் போடச் சொல்லி அவரிடம் நீட்டினாள்.